பக்கம் எடுக்காத கட்டுரை: ஏஐ எழுதிய கருத்துக் கட்டுரையை வாசித்தே கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கட்டுரைப் போட்டிக்கு நடுவராக இருப்பவர்கள், இதழுக்கு வரும் கட்டுரைகளைத் தேர்வு செய்பவர்கள், கல்லூரியில் ஒப்படைப்பு திருத்தும் ஆசிரியர்கள் ஆகியோருக்காக எழுதப்பட்டது இது. ஒரு கருத்துக் கட்டுரையை மனிதர் எழுதினாரா, ஏஐ எழுதிக் கொடுத்ததா என்ற சந்தேகம் வரும்போது தேட வேண்டிய அடையாளங்கள் பல உண்டு. இங்கே இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். முதலாவது, எதைத் தொட்டாலும் நல்லபடியாகவே முடிக்கிற வலிந்த நம்பிக்கை. அடுத்தது, 'வேண்டுமா, வேண்டாமா' என்று நேராகக் கேட்டாலும் பக்கம் எடுக்காமல் நழுவுவது.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் சொற்களைத் தேடுகிறார்கள். 'முக்கியப் பங்கு வகிக்கிறது', 'இருமுனைக் கத்தி' என்று ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு டிக் அடிக்கிறார்கள். இந்தச் சொற்களெல்லாம் ஏஐ வருவதற்கு முன்பே நம் பள்ளிக் கட்டுரைகளில் குடியிருந்தவை. அதனால் பட்டியல்காரர்கள் பிடிப்பது பெரும்பாலும் அப்பாவிப் பிள்ளைகளைத்தான். கட்டுரை எந்தத் திசையில் நகர்கிறது, அதனால் யாருக்காவது நட்டம் உண்டா என்று பார்ப்பதே நம்பகமான வழி. அதற்குப் படிகளின் வரிசை முக்கியம்.

எடுத்துக்காட்டுக்கு ஒரே தலைப்பைக் கடைசிவரை வைத்துக்கொள்வோம்: 'அரசு நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் தொடர வேண்டுமா?' தமிழ்நாட்டில் 2021 மே மாதம் தொடங்கிய திட்டம். ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் பேருந்திலேயே இருக்கிறார்கள். இந்தச் சோதனைக்கு அப்படிப்பட்ட தலைப்புதான் வேண்டும்.

1. உட்காரும் முன் தேவையானவை

கட்டுரையை அச்சிட்டுக்கொள்ளுங்கள். திரையில் படித்தால் கண் வழுக்கிக்கொண்டு போகும். வழவழப்பான நடைக்கு அது இன்னும் வசதி. இரண்டு நிறப் பேனா போதும்.

போட்டியிலோ வகுப்பிலோ கொடுத்த கேள்வி, கொடுத்த சொற்களிலேயே வேண்டும். 'பேருந்துத் திட்டம் பற்றி எழுதுக' என்று கேட்டிருந்தால் பக்கம் எடுக்காதது குற்றமில்லை. 'தொடர வேண்டுமா' என்று கேட்டிருந்தால் நிலைமை வேறு. கேள்வியை நினைவிலிருந்து எடுத்துத் தீர்ப்புச் சொல்பவர்கள் இங்கேயே தவறுகிறார்கள்.

அதே ஆள் முன்பு எழுதியது ஏதாவது இருந்தால் எடுத்து வையுங்கள். வகுப்பில் உட்கார்ந்து கையால் எழுதியதாக இருந்தால் நல்லது.

அறுநூறு சொல் கட்டுரைக்கு இருபது நிமிடம் ஒதுக்குங்கள். முந்நூறு சொல்லுக்குக் குறைந்த கட்டுரையில் இந்தச் சோதனைகளைச் செய்யாதீர்கள். அவ்வளவு சின்ன இடத்தில் மனிதரும் சுற்றி வளைத்துத்தான் முடிப்பார். திசை தெரியும் அளவுக்கு அதில் வாக்கியங்கள் இருக்காது.

கண்டுபிடிக்கும் மென்பொருளை இந்தக் கட்டத்தில் தொடவே வேண்டாம். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் அப்படி ஒரு கருவியை வெளியிட்டது. அவர்களுடைய சொந்தச் சோதனையிலேயே அது ஆங்கிலத்தில் ஏஐ எழுதிய நூறில் 26-ஐத்தான் பிடித்தது. மனிதர் எழுதிய நூறில் 9-ஐத் தவறாகக் குற்றம் சொன்னது. துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அதற்குப் பிறகு வந்த கருவிகளும் ஒரு சதவீத எண்ணைக் காட்டும், சில கருவிகள் சந்தேக வரிகளை நிறமிட்டும் காட்டும். ஆனால் ஏன் என்று பெரும்பாலும் உங்களுக்குத் தெளிவாகச் சொல்லாது. எண்ணை முதலில் பார்த்துவிட்டால், அப்புறம் கட்டுரையைப் படிப்பதே அந்த எண்ணுக்குச் சாட்சி தேடுவதாக ஆகிவிடும்.

2. கட்டுரைக்கு முன் தலைப்பை எடை போடுங்கள்

முதலில் கேட்க வேண்டியது: இந்தத் தலைப்புக்கு உண்மையிலேயே இரண்டு பக்கம் இருக்கிறதா?

'பிளாஸ்டிக் மாசு தடுக்கப்பட வேண்டுமா' என்பதற்கு எதிர்ப்பக்கமே கிடையாது. அங்கே ஏஐயும் மிக உறுதியாகப் பக்கம் எடுக்கும், எட்டாம் வகுப்பு மாணவரும் எடுப்பார். அந்தத் தலைப்பில் இந்த வழிகாட்டி வேலை செய்யாது. இட ஒதுக்கீடு, மதுவிலக்கு, நீட், இலவசத் திட்டங்கள் மாதிரி வீட்டுக்குள்ளேயே சண்டை வரும் தலைப்பில்தான் நழுவல் பளிச்சென்று தெரியும்.

காரணம், ஏஐக்குப் பின்னால் இருக்கும் மொழி மாதிரிகள் பழக்கப்படும் விதத்தில் இருக்கிறது. ஏராளமான எழுத்தைப் படித்து அடுத்த சொல்லை ஊகிக்கக் கற்பது முதல் கட்டம். அடுத்த கட்டத்தில், ஒரே கேள்விக்கு வந்த பல பதில்களை மனிதர்கள் ஒப்பிட்டு எது நன்றாக இருக்கிறது என்று சொல்கிறார்கள்; அதிக மதிப்பு வாங்கிய பதிலின் பாணிக்கு மாதிரி சாய்கிறது. கனிவான, நம்பிக்கை தரும், யாரையும் புண்படுத்தாத பதிலுக்கு நல்ல மதிப்பெண் கிடைத்துவிடுவது எளிது. இதற்கு மேல், அரசியல் சர்ச்சையுள்ள விஷயங்களில் தானாகப் பக்கம் எடுக்காமல் எல்லாத் தரப்பையும் சொல்லும்படி நிறுவனங்களே மாதிரியைப் பழக்குகின்றன. கேள்விக்குப் பதில் சொல்லும் கருவிக்கு அது நியாயமான குணம்தான். அந்தப் பதிலையே கருத்துக் கட்டுரை என்று பெயர் எழுதிக் கொடுக்கும்போதுதான் அந்தக் குணம் குறையாகிவிடுகிறது.

3. கடைசிப் பத்தியை முதலில் படியுங்கள்

முதல் பத்தியிலிருந்து தொடங்கினால் நடையின் ஓட்டம் உங்களை இழுத்துக்கொண்டு போய்விடும். கடைசிப் பத்தியை மட்டும் தனியாகப் படித்துவிட்டு, கேள்விக்கு விடை என்ன என்று ஓரத்தில் ஒரே சொல்லில் எழுதுங்கள்: வேண்டும், வேண்டாம், அல்லது இன்ன நிபந்தனையோடு.

எழுத முடியவில்லை என்றால் அந்தப் பத்தியில் எதிர்காலத்தைப் பற்றிய சொற்களை அடிக்கோடிடுங்கள். 'வழிவகுக்கும்', 'ஒளிமயமான', 'அனைவருக்கும்', 'கைகோத்து', 'ஒன்றிணைந்து'. இந்தச் சொற்கள் இருப்பதே சந்தேகத்துக்குக் காரணம் ஆகாது. விடை இருக்க வேண்டிய நாற்காலியில் இவை உட்கார்ந்திருக்கின்றனவா என்பதுதான் பார்க்க வேண்டியது.

இதன் பிறகு முதல் பத்தியைப் படியுங்கள். இரண்டுக்கும் நடுவில் நிலைப்பாடு கொஞ்சமாவது நகர்ந்திருக்கிறதா? மனிதர் யோசித்துக்கொண்டே எழுதும்போது தொடங்கிய இடத்துக்கும் முடித்த இடத்துக்கும் சிறு இடைவெளி விழும். ஏஐ கட்டுரையில் முதல் பத்தியையும் கடைசிப் பத்தியையும் இடம் மாற்றி வைத்தாலும் பெரும்பாலும் எதுவும் குலையாது. மாற்றி வைத்துப் படித்தே பாருங்கள், இரண்டு நிமிட வேலை.

4. மையக் கூற்றை மறுத்துப் பாருங்கள்

கட்டுரையிலேயே கனமான வாக்கியம் எது என்று தேடி எடுங்கள். எழுதியவர் தலையில் அடித்துச் சத்தியம் செய்வார் என்று தோன்றுகிற வாக்கியம். அதை எதிர்மறையாக்கி வாய்விட்டுச் சொல்லுங்கள்.

'நிதி நிலைத்தன்மைக்கும் சமூக நலனுக்கும் இடையே சமநிலை அவசியம்.' மறுத்தால், 'சமநிலை அவசியமில்லை'. இப்படிச் சொல்லும் ஒரு ஆளையாவது உங்களுக்குத் தெரியுமா? தெரியாது என்றால் முதல் வாக்கியமும் எதையும் சொல்லவில்லை. யாரும் மறுக்காத கூற்றைச் சொல்வதற்குக் கட்டுரை தேவையில்லை.

'வசதியுள்ள பெண்களுக்கும் இலவசம் கொடுப்பது சரிதான். தகுதி பார்க்க ஆரம்பித்தால் நடத்துநர் சான்றிதழ் கேட்பார், தேவையுள்ளவர்கள் வெட்கப்பட்டு இறங்கிப் போவார்கள்.' இதை மறுத்துப் பாருங்கள். 'வசதியுள்ளவர்களுக்கு எதற்கு இலவசம்' என்று நாளைக்கே கேட்கப் பத்துப் பேர் உண்டு. இது கூற்று.

இங்கே நடக்கும் தவறு, வாக்கியத்தின் சத்தத்தைப் பார்த்து ஏமாறுவது. 'கண்டிப்பாக', 'ஐயமின்றி', 'காலத்தின் கட்டாயம்' என்றெல்லாம் இருந்தால் உறுதி இருப்பதாகத் தோன்றும். 'சமநிலை காலத்தின் கட்டாயம்' என்றாலும் மறுக்க ஆளில்லை. உறுதி, எதிராளியை வைத்து அளக்கப்படுவது.

5. 'ஆனால்' எந்தப் பக்கம் சாய்கிறது என்று கணக்கெடுங்கள்

நேரம் அதிகம் எடுக்கும் படி இதுதான். பலன் அதிகம் தருவதும் இதுதான்.

கட்டுரை முழுக்க 'ஆனால்', 'அதே சமயம்', 'எனினும்', 'மறுபுறம்', '-ஆக இருந்தாலும்' வரும் இடங்களை வட்டமிடுங்கள். தமிழில் 'ஆனால்' என்றதும் கேட்பவரின் கவனம் பின்னால் வருவதற்குத் தாவிவிடும், கனம் அங்கேதான். 'பையன் நல்லவன், ஆனால் குடிக்கிறான்' என்பதும் 'குடிக்கிறான், ஆனால் நல்லவன்' என்பதும் ஒரே தகவல். பெண் வீட்டாருக்கு இரண்டும் ஒன்றா? அதனால் வட்டத்துக்குப் பின்னால் வரும் பகுதி திட்டத்துக்குச் சாதகமா பாதகமா என்று மட்டும் பார்த்து, ஓரத்தில் கூட்டல் அல்லது கழித்தல் குறி போடுங்கள்.

ஒரு பக்கம் நிற்பவர் எழுதிய கட்டுரையில் குறிகள் ஒரு பக்கமாகக் குவியும். எதிர்த்தரப்பை அவர் ஒப்புக்கொள்வது, அதற்குப் பதில் சொல்வதற்காக. 'செலவு கூடுதல்தான். ஆனால் காலியாக ஓடிய மதிய நேர வண்டிக்கும் டீசல் அதே அளவுதான்' என்று தன் பக்கமே திரும்பி வருவார். எட்டு இடத்தில் ஆறு அவர் பக்கம் இருக்கும். மிச்சம் இரண்டு அவருக்கே விடை தெரியாத இடங்கள்.

ஏஐ தானாக எழுதிய கட்டுரையில் குறிகள் ஒன்றுவிட்டு ஒன்றாக மாறும். கூட்டினால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்கும். இதைவிட முக்கியமானது, ஒப்புக்கொண்ட விஷயம் அப்படியே கிடக்கும். அடுத்த வாக்கியம் அதற்குப் பதில் சொல்லாமல் வேறு விஷயத்துக்குப் போய்விடும். அந்த இடத்தில் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். பதில் கிடைக்காமல் கைவிடப்பட்ட எதிர்வாதங்கள் மூன்றுக்கு மேல் இருந்தால் எழுதியவருக்கு அந்த வாதத்தில் அக்கறை இல்லை என்று பொருள்.

ஒரு எச்சரிக்கை. இரண்டு பக்கமும் சரி என்று முடிவுக்கு வருபவர் எல்லாரும் நழுவுகிறவர் ஆகிவிடமாட்டார். நேர்மையாகத் தீர்மானிக்க முடியாமல் நிற்பவர், எங்கே மாட்டிக்கொண்டார் என்று காட்டுவார். 'கட்டணம் இல்லாததால் புதிதாக வேலைக்குப் போனவர்கள் எத்தனை பேர், முன்பே போய்க்கொண்டிருந்தவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு கிடைத்தால் நான் ஒரு பக்கம் போய்விடுவேன்' என்று ஒருவர் எழுதினால், அது பல 'கண்டிப்பாக'க்களைவிட உறுதியான கருத்து. தீர்மானமின்மைக்கு அவரிடம் காரணமும் இருக்கிறது, அது தீரும் வழியும் இருக்கிறது.

6. இனிப்பைச் சுரண்டிப் பாருங்கள்

இப்போது வேறு நிறப் பேனா. குறை, பிரச்சினை, தோல்வி, நட்டம் பற்றிய ஒவ்வொரு வாக்கியத்தையும் கோடிடுங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்வி.

ஒன்று, அந்தக் குறை எத்தனை வாக்கியம் உயிரோடு இருக்கிறது? வலிந்த நம்பிக்கையின் அடையாளம், குறை வந்த வாக்கியத்திலேயே அதற்கு மருந்தும் வந்துவிடுவது. 'சவால்கள் இருந்தாலும், முறையான திட்டமிடல் மூலம்...' குறை முன்பாதியிலும் நம்பிக்கை பின்பாதியிலும். மேலே சொன்ன 'ஆனால்' விதிப்படி கனம் எப்போதும் நம்பிக்கைக்கே. மனிதர் எழுதும்போது ஏதாவது ஒரு குறை மட்டும் ஒரு பத்தி முழுக்கத் தீராமல் நிற்கும். எரிச்சலுக்கு அவ்வளவு சீக்கிரம் மருந்து கிடைப்பதில்லை.

இரண்டு, குறைப்பட்டுக்கொண்டது யார்? 'கவலைகள் எழுப்பப்படுகின்றன', 'விமர்சனங்கள் உள்ளன' என்று வந்தால் எழுப்பியவர் யார்? நடத்துநரா, போக்குவரத்துக் கழகத் தொழிற்சங்கமா, பக்கத்து சீட்டில் டிக்கெட் எடுத்து உட்கார்ந்திருக்கும் ஆணா? மூவரின் கவலையும் வேறு வேறு. ஆளைச் சொல்லாமல் விட்டால் யாரையும் மறுக்க வேண்டியதில்லை.

மூன்று, தீர்வுக்குக் கணக்கு யார் கட்டுவது? 'நடவடிக்கை எடுக்கப்பட வேண்டும்' என்ற செயப்பாட்டு வாக்கியத்தை 'யார், எந்தப் பணத்தில்' என்று சேர்த்து மீண்டும் எழுதிப் பாருங்கள். எழுத முடிகிறதா? கட்டுரையிலிருந்தே விடை கிடைத்தால் பரவாயில்லை. நீங்களே கற்பனை செய்ய வேண்டியிருந்தால் அந்தத் தீர்வு சர்க்கரைப் பூச்சு.

சுரண்டுவது என்று தலைப்பில் சொன்னது இதைத்தான்: நம்பிக்கை தரும் பாதிகளை எல்லாம் அடித்துவிட்டு மிச்சத்தைப் படியுங்கள். வாதம் குறையாமல் அப்படியே இருந்தால், அடித்தது வாதத்தின் பகுதியாக இருக்கவே இல்லை.

7. ஒரு பத்தியை முழுக்கச் செய்து பார்ப்போம்

இந்த வழிகாட்டிக்காகவே எழுதிய மாதிரிப் பத்தி இது. ஏஐ தரும் கட்டுரையின் முடிவு பெரும்பாலும் இந்த அச்சில்தான் இருக்கும்.

"மகளிர் கட்டணமில்லாப் பயணத் திட்டம் பெண்களின் வாழ்வில் குறிப்பிடத்தக்க மாற்றத்தை ஏற்படுத்தியுள்ளது. இது வெறும் போக்குவரத்துத் திட்டம் அல்ல. பெண்களின் சுதந்திரத்துக்கான படிக்கல். அதே சமயம், போக்குவரத்துக் கழகங்களின் நிதிச்சுமை குறித்த கவலைகளையும் புறக்கணிக்க முடியாது. சில இடங்களில் பேருந்துகள் போதவில்லை என்ற விமர்சனம் இருந்தாலும், முறையான திட்டமிடல் மூலம் இந்தச் சவாலை வாய்ப்பாக மாற்ற முடியும். நிதி நிலைத்தன்மையும் சமூக நீதியும் கைகோக்கும்போது மட்டுமே இத்திட்டம் அனைவருக்கும் பயனளித்து, ஒளிமயமான எதிர்காலத்துக்கு வழிவகுக்கும்."

மூன்றாவது படி: விடை என்ன? ஓரத்தில் எழுத முடியவில்லை. திட்டத்தைப் புகழ்கிறது, ஆனால் தொடர வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. கடைசி வாக்கியத்தின் 'மட்டுமே' நிபந்தனை போலத் தெரிகிறது. எந்த அளவு நிதி நிலைத்தன்மை இல்லாவிட்டால் நிறுத்தலாம் என்று சொல்லாததால் அது நிபந்தனையும் இல்லை.

நான்காவது படி: கனமான வாக்கியம் அதே கடைசி வாக்கியம்தான். மறுத்தால், 'நிதியும் நீதியும் கைகோக்காமலே பயனளிக்கும்'. சொல்ல ஆளில்லை.

ஐந்தாவது படி: இரண்டு திருப்பம். 'அதே சமயம்' கழித்தல், 'இருந்தாலும்' கூட்டல். மொத்தம் பூஜ்யம். நிதிச்சுமைக் கவலைக்கு அடுத்த வாக்கியம் பதில் சொல்கிறதா? இல்லை, பேருந்து எண்ணிக்கைக்குத் தாவிவிட்டது.

ஆறாவது படி: குறை இரண்டு. இரண்டுக்கும் சொந்தக்காரர் இல்லை. இரண்டாவது குறை அதே வாக்கியத்தில் 'வாய்ப்பாக' மாறிவிட்டது. பேருந்து போதாமல் நிறுத்தத்தில் நிற்பவருக்கு அது என்ன வாய்ப்பு என்று கேட்டால் பத்தியில் விடை இல்லை.

இப்போது அதே கேள்விக்கு இன்னொரு மாதிரி.

"திட்டம் தொடர வேண்டும், இன்றைய வடிவில் அல்ல. மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வில் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று வந்தது. இலவசம் சாதாரணக் கட்டண வண்டியில் மட்டும்தான். எங்கள் பக்கம் காலையில் ஒரே ஒரு வெள்ளைப் பலகை வண்டி. அதை விட்டால் ஷேர் ஆட்டோ. அந்த 888 எங்கள் தெருவுக்கு இன்னும் வரவில்லை. வண்டி கூட்டப் பணம் இல்லை என்றால் ஆண்களின் கட்டணத்தை இரண்டு ரூபாய் ஏற்றுங்கள். என் வீட்டிலேயே திட்டுவார்கள்."

நடை முந்தையதைவிடக் கரடு. 'வந்தது', 'வரவில்லை' என்று தாவுகிறது. ஆனால் விடையை ஓரத்தில் எழுதலாம்: நிபந்தனையோடு வேண்டும். புள்ளிவிவரத்தைச் சொல்லிவிட்டு அதோடேயே சண்டை போடுகிறது. நட்டப்படும் ஆள் யார் என்று தெரிகிறது, எழுதியவரின் வீட்டு ஆணே. அந்த யோசனை தவறாகவும் இருக்கலாம். தவறாக இருக்க இடம் கொடுத்திருப்பதால்தான் அதோடு வாதாட முடிகிறது.

8. இதே அறிகுறிகளுள்ள மனிதர்களைப் பிரித்தெடுங்கள்

மேலே உள்ள சோதனைகளில் மாட்டும் கட்டுரை எல்லாம் ஏஐ எழுதியது என்று முடிவு கட்டினால் பாவம் சேரும். தமிழில் நழுவி எழுதக் காரணமுள்ள மனிதர்கள் நிறையப் பேர்.

பெரிய கூட்டம், பொதுத்தேர்வுக் கட்டுரையில் பழகியவர்கள். முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை. நன்மை ஒரு பக்கம், தீமை ஒரு பக்கம். கடைசியில் நல்ல வார்த்தை. அச்சு ஒன்றேதான். வேறுபாடு ஓரங்களில் தெரியும். மாணவரின் கட்டுரையில் ஒரு உட்தலைப்பு மூன்று வரியில் முடியும், அடுத்தது முக்கால் பக்கம் போகும். தெரிந்த இடத்தில் நீளும், தெரியாத இடத்தில் திருக்குறள் வரும். நம்பிக்கைகூட உறுதிமொழி வடிவில் வரும், 'நாம் அனைவரும் உறுதி ஏற்போம்' என்று. ஏஐ கட்டுரையின் பத்திகள் ஏறத்தாழ ஒரே உயரம். எது தெரியும், எது தெரியாது என்ற மேடுபள்ளம் இருக்காது.

பட்டிமன்றம் கேட்டு வளர்ந்தவர்கள் இன்னொரு கூட்டம். 'இரண்டும் வண்டியின் இரு சக்கரங்கள்' என்று தீர்ப்புச் சொன்ன நடுவர்களுக்கு நாம் கைதட்டியிருக்கிறோம். ஆனால் நடுவர் அங்கே வருவதற்கு முன்னால் பேச்சாளர்களை ஒவ்வொருவராகச் சீண்டியிருப்பார். அந்தச் சீண்டல் கட்டுரையில் எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, பயந்து எழுதுபவர்கள். அரசு ஊழியர், தனியார் கல்லூரி ஆசிரியர், வழக்குக்கு அஞ்சும் எழுத்தாளர். பயத்துக்கு ஒரு குறிப்பிட்ட இடம் இருக்கும். துறையைப் பற்றியோ ஆளுங்கட்சியைப் பற்றியோ வரும் இடத்தில் மட்டும் வாக்கியம் சட்டென்று செயப்பாட்டுக்கு மாறும். மற்ற இடங்களில் பணிமனை, ஷிப்ட், டிக்கெட் மெஷின் என்று விவரம் கொட்டும். ஏஐயின் நழுவல் எல்லா இடத்திலும் ஒரே அளவு.

கடைசியாக, தானே எழுதி, நடையை மட்டும் ஏஐயிடம் கொடுத்துத் திருத்தி வாங்கியவர்கள். இவர்களுடைய கட்டுரையில் தொடக்கமும் முடிவும் பளபளக்கும், நடுவில் ஒரு கூர்மையான வாக்கியம் தப்பிப் பிழைத்திருக்கும். ஆறாவது படியில் 'யார் கணக்கு கட்டுவது' என்பதற்கு விடை நடுப்பகுதியிலாவது கிடைத்தால் கருத்து அவருடையது என்று வைத்துக்கொள்ளலாம். அதை உங்கள் போட்டி விதி அனுமதிக்கிறதா என்பது தனி விஷயம்.

இந்தப் படியைத் தாவினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கண்டறியும் கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள். சராசரியாக 61 சதவீதக் கட்டுரைகளை ஏஐ எழுதியது என்று கருவிகள் தவறாகச் சொல்லின. குறைந்த சொல்வளத்தோடு, பழகிய தொடர்களில் எழுதுவதே அவர்கள் செய்த குற்றம். தேர்வுத் தமிழில் எழுதும் பிள்ளைக்கும் நாம் அதையே செய்துவிடக் கூடாது.

9. பக்கம் எடுக்கச் சொல்லி எழுதவைத்த கட்டுரை

'உறுதியாக எதிர்த்து எழுது' என்று ஏஐக்கு ஆணை கொடுத்தால் எதிர்த்தே எழுதும். அப்போது ஐந்தாவது படியின் குறிகள் ஒரு பக்கம் அழகாகக் குவியும். இந்தச் சோதனைகளின் பெரிய ஓட்டை இதுதான், மறைப்பதில் பயனில்லை.

இங்கே இரண்டு இடம் பாருங்கள். முதலில் கடைசிப் பத்தி. நடுவில் காரசாரமாகப் போன கட்டுரை, முடிவில் 'எனினும் அனைவரும் ஒன்றிணைந்து' என்று சமாதானக் கொடி காட்டுவது அடிக்கடி நடக்கும். அடுத்து எதிர்த்தரப்பு வரும் இடம். ஆணைப்படி பக்கம் எடுத்த கட்டுரையில் எதிராளி எளிதில் சாய்க்கக்கூடிய வைக்கோல் பொம்மையாக இருப்பார், அல்லது இருக்கவே மாட்டார். எதிராளியின் வலுவான வாதத்தை எடுத்து, அது தன்னை எங்கே குத்துகிறது என்று ஒப்புக்கொண்டிருந்தால் உங்கள் சந்தேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டும் தப்பினால் வாசிப்பால் மட்டும் மேலே போக முடியாது. அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

10. எழுதியவரிடம் மூன்று கேள்வி

ஐந்து நிமிடம் போதும். 'ஏஐ பயன்படுத்தினீர்களா' என்று ஆரம்பிக்காதீர்கள். எழுதியவர் உடனே தற்காப்புக்குப் போய்விடுவார். அதன் பிறகு வரும் விடைகளிலிருந்து எதுவும் தெரியாது.

'இந்தக் கட்டுரையைப் படித்தால் யாருக்குக் கோபம் வரும்?' எழுதியவருக்கு ஒரு முகம் மனதில் இருக்கும், மாமாவோ நண்பரோ. 'யாருக்கும் வராது, எல்லாருக்கும் பொதுவாகத்தான் எழுதியிருக்கிறேன்' என்று பெருமையாகச் சொன்னால் குறித்துக்கொள்ளுங்கள். தேர்வுப் பழக்கமுள்ள மாணவரும் இப்படிச் சொல்லலாம் என்பதால் இது மட்டும் போதாது.

'இடம் இல்லை, ஒரு பத்தியை வெட்ட வேண்டும். எதை வெட்டக் கூடாது?' சொந்தமாக எழுதியவர் யோசிக்காமல் ஒரு இடத்தைக் காட்டுவார். காட்ட முடியாதவர் எதை வேண்டுமானாலும் வெட்டச் சொல்வார்.

'எதிர்ப்பக்கம் சொல்வதில் உங்களுக்குப் பதில் தெரியாதது எது?' மூன்றில் கடினமான கேள்வி இது. இதற்கு ஒரு திணறலாவது வந்தால் அவர் விஷயத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறார்.

11. தீர்ப்பை எழுதும்போது

'ஏஐ எழுதியது' என்று எழுத உங்களிடம் சான்று இல்லை. வாசிப்பு தருவது சந்தேகத்தின் அளவை மட்டும்தான். 'கேள்விக்கு விடை இல்லை', 'மூன்றாம் பத்தியின் எதிர்வாதத்துக்குப் பதில் இல்லை', 'தீர்வுக்கான செலவு யாருடையது என்று சொல்லப்படவில்லை' என்று வரியைக் காட்டி எழுதுங்கள். மனிதர் எழுதியிருந்தாலும் அவை குறைகள்தான், மதிப்பெண் குறைக்கலாம், கட்டுரையைத் திருப்பி அனுப்பலாம். எழுதியவர் முறையிட்டாலும் உங்கள் குறிப்பு நிற்கும்.

அடுத்த முறை கேள்வியைத் தயாரிக்கும்போது இரண்டு வரி சேர்த்துவிட்டால் இந்த வேலை பாதியாகும்: 'உங்கள் நிலைப்பாட்டை முதல் பத்தியிலேயே சொல்லுங்கள். அந்த நிலைப்பாட்டால் நட்டப்படும் ஒருவரை உங்கள் ஊரிலிருந்து காட்டி, அவருக்கு உங்கள் பதிலை எழுதுங்கள்.' இந்த இரண்டு வரியையும் அப்படியே ஏஐக்குக் கொடுப்பவர்களும் இருப்பார்கள். அவர்களுக்கு வரும் கட்டுரையில் அந்த ஊர்க்காரருக்குப் பெயர் இருக்கும், தொழில் இருக்கும், பேருந்து நிறுத்தம் மட்டும் எந்த ஊரிலும் இருக்கக்கூடியதாக இருக்கும். நிறுத்தத்தின் பெயரைக் கேளுங்கள்.